புதுப்பிக்கும் நாளில் பார்க்கவேண்டிய ஒரு தேதி

குரும்பகரத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அச்சங்கம் சாயமிட்ட துண்டுகளையும் படுக்கை விரிப்புகளையும் நெய்து, காரைக்காலிலும் கும்பகோணத்திலும் விற்று வருகிறது. தான் விற்ற சரக்கினால் பிறர்க்குத் தீங்கு நேர்ந்து அவர்கள் நஷ்ட ஈடு கேட்டால் அதனை ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு இன்ஷூரன்ஸ் பாலிசி ஒன்றை 2017 ஏப்ரல் முதல் தேதியில் எடுத்து, ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பித்தும் வருகிறது. 2022 மார்ச்சு மாதத்தில் சங்கத்தின் காரியதரிசியின் மேஜை மேல் இரண்டு காகிதங்கள் கிடக்கின்றன. ஒன்று, பழைய கம்பெனியின் புதுப்பிப்பு அறிக்கை. பிரீமியம் 40,000 ரூபாய். மற்றொன்று, புதிய கம்பெனி ஒன்றின் விலைப்புள்ளி; அதே தொகைக்கு அதே பாதுகாப்பு, பிரீமியம் 31,000 ரூபாய். காரியதரிசி இரண்டையும் எடுத்துக்கொண்டு தம் இன்ஷூரன்ஸ் ஆலோசகரிடம் செல்கிறார். “ஐயா, சங்கத்துக்கு 9,000 ரூபாய் மிச்சமாகிறது. நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டுவிடலாம் அல்லவா?” என்று கேட்கிறார்.

ஆலோசகர் பிரீமியத்தைப் பார்க்கவில்லை. இரு காகிதங்களிலும் ஒரு சிறிய வரியைத் தேடி எடுத்துக் காட்டுகிறார். பழைய பாலிசியில் ‘ரெட்ரோஆக்டிவ் டேட்’ என்ற தலைப்பின் எதிரே 1-4-2017 என்று இருக்கிறது. புதிய விலைப்புள்ளியில் அதே இடத்தில் 1-4-2022 என்று இருக்கிறது. “மிச்சமாகும் 9,000 ரூபாய் எங்கிருந்து வருகிறதென்று இப்போது தெரிகிறதா?” என்கிறார் ஆலோசகர். காரியதரிசிக்குத் தெரியவில்லை. நம் அங்கத்தினர்களில் பலருக்கும் தெரிந்திராது என்பதனால் அதனை இங்கே சற்று விரிவாக எடுத்துரைப்போம்.

இருவகைப் பாலிசிகள்

நமக்கு நன்கு பழகிய இன்ஷூரன்ஸ்கள் பெரும்பாலும் ஒரே முறையைச் சேர்ந்தவை. நூல் கிடங்கு தீப்பிடித்தால், தீப்பிடித்த நாளில் எந்தப் பாலிசி நடப்பில் இருந்ததோ அதுவே பணம் தரும். காரைக்காலிலிருந்து நெடுங்காட்டுக்குச் செல்லும் பஸ் ஒருவர் மீது மோதினால், மோதிய நாளில் அந்த பஸ்ஸுக்கு இன்ஷூரன்ஸ் செய்திருந்த கம்பெனியே பொறுப்பேற்கும். வழக்குப் பிறகு வரலாம், இடையில் பஸ்ஸின் சொந்தக்காரர் கம்பெனியை மாற்றியிருக்கலாம், பஸ்ஸையே விற்றுவிட்டிருக்கலாம். அதனால் ஒன்றும் மாறுவதில்லை. சம்பவம் நடந்த நாள்தான் கணக்கு. இதனை ‘அக்கரன்ஸ்’ முறை என்பார்கள். நாம் ‘சம்பவ முறைப் பாலிசி’ என்று சொல்வோம்.

மற்றொரு முறை இதற்கு மாறானது. சம்பவம் என்றைக்கு நடந்தது என்பது முதற்கேள்வி அன்று. நஷ்ட ஈடு கேட்டு எழுத்து மூலமான கோரிக்கை என்றைக்கு வந்தது என்பதே முதற்கேள்வி. கோரிக்கை வந்த நாளில் எந்தப் பாலிசி நடப்பில் இருக்கிறதோ அதுவே பணம் தரவேண்டும். இதனைக் ‘கிளெய்ம்ஸ் மேட்’ முறை என்பார்கள். நாம் ‘கோரிக்கை முறைப் பாலிசி’ என்போம். நம் நாட்டில் டாக்டர்கள், கணக்குத் தணிக்கையாளர்கள், எஞ்சினீயர்கள் முதலியோர் எடுக்கும் தொழிற்பொறுப்புப் பாலிசிகளும், சரக்கு உற்பத்தி செய்வோர் எடுக்கும் பொறுப்புப் பாலிசிகளும் பெரும்பாலும் இம்முறையிலேயே எழுதப்படுகின்றன. ஆகவே நம் சங்கத்தின் பாலிசியும் இவ்வகையைச் சேர்ந்ததே.

கம்பெனிகள் இம்முறையை விரும்புவதற்குக் காரணம் உண்டு. கல்நார்த் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு நோய் தோன்ற இருபது முப்பது ஆண்டுகள்கூட ஆயின. அமெரிக்காவில் அவர்கள் வழக்குத் தொடுத்தபோது, என்றோ முடிந்துபோன சம்பவ முறைப் பாலிசிகள் உயிர்பெற்று எழுந்தன. அன்று வாங்கிய சொற்பப் பிரீமியத்துக்கு இன்றைய நாணய மதிப்பில் பணம் கொடுக்க நேர்ந்தது. கோரிக்கை முறையில் அந்த அச்சம் இல்லை. ஆண்டு முடிந்ததும் கம்பெனி அவ்வாண்டின் கணக்கை ஏறக்குறைய மூடிவிடலாம். கம்பெனிக்கு ஏற்படும் இந்த நிம்மதியின் மறுபக்கம் பாலிசிதாரர் தலையில் விழுகிறது. ஆண்டு முடிந்ததும் அவர் கையிலுள்ள பழைய பாலிசி வெறுங்காகிதமாகிறது. பழைய தவறுகளுக்குரிய காப்பு முழுவதும் இன்று நடப்பிலுள்ள ஒரே பாலிசியில் வந்து தங்கிவிடுகிறது.

தேதியின் வேலை

கோரிக்கை வந்த நாளை மட்டும் பார்ப்பதென்றால், என்றோ நடந்த எல்லாவற்றுக்கும் இன்றைய கம்பெனி பொறுப்பாகிவிடுமே என்று கேட்கலாம். அதனைத் தடுப்பதற்கே ‘ரெட்ரோஆக்டிவ்’ தேதி. பின்னோக்கிப் பார்க்கும்போது கம்பெனி போட்டுக்கொள்ளும் வேலி அது. நாம் அதனை ‘வேலித் தேதி’ என்று அழைப்போம். அந்தத் தேதிக்கு முன் நடந்த சம்பவத்தைப் பற்றிய கோரிக்கை எதுவாயினும் பாலிசி ஏற்காது. எனவே கோரிக்கை முறைப் பாலிசியில் இரண்டு வாசல்களைத் தாண்டவேண்டும். கோரிக்கை பாலிசி ஆண்டுக்குள் வந்திருக்கவேண்டும். சம்பவம் வேலித் தேதிக்குப் பின் நடந்திருக்கவேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் பணம் கிடையாது.

முதன்முதல் பாலிசி எடுக்கும்போது வேலித் தேதி வழக்கமாக அந்த நாளாகவே இருக்கும். பிறகு ஆண்டுதோறும் இடையறாமல் புதுப்பித்து வந்தால், பாலிசியின் தொடக்கத் தேதி மாறும். வேலித் தேதி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். முதலாண்டில் ஓராண்டுச் சரக்குக்குக் காப்பு. ஐந்தாம் ஆண்டில் ஐந்தாண்டுச் சரக்குக்குக் காப்பு. ஆகவேதான் இவ்வகைப் பாலிசியின் பிரீமியம் முதலாண்டில் குறைவாகத் தொடங்கி, சில ஆண்டுகள் ஏறி, பிறகு நிலைகொள்வது இயல்பு. நிலத்தில் ஆண்டுதோறும் வண்டல் படிவதுபோலப் பழைய ஆண்டுகளின் காப்பு பாலிசியில் படிந்துகொண்டே வருகிறது. வேலித் தேதியை முன்னால் நகர்த்திவிட்டால் படிந்ததனைத்தும் ஒரே நாளில் வாரிக்கொண்டு போகப்படும்.

புதிய கம்பெனி 31,000 ரூபாய்க்குத் தர முன்வந்ததன் இரகசியம் இதுவே. பழைய கம்பெனி ஐந்தாண்டுப் பழம்பொறுப்பையும் வரும் ஆண்டின் பொறுப்பையும் சேர்த்து விலை சொல்லிற்று. புதிய கம்பெனி வரும் ஆண்டுக்கு மட்டும் விலை சொல்லிற்று. இரண்டும் ஒரே பண்டம் அல்ல; ஆகவே அவற்றின் விலையை ஒப்பிடுவதே பொருந்தாது.

என்ன நேர்ந்திருக்கும்?

காரியதரிசி ஆலோசகரிடம் போகாமலே புதிய பாலிசியை எடுத்துவிட்டார் என்று கொள்வோம். 2020 தீபாவளிக்கு விற்ற துண்டு வகையொன்றில் சாயம் சரியில்லை. 2021 ஜனவரியில் கும்பகோணத்தில் ஒரு குடும்பத்தில் குழந்தைக்குத் தோல் புண்பட்டு, நெடுநாள் வைத்தியம் செய்ய நேர்ந்தது. 2022 பிப்ரவரியில் அக்குழந்தையின் தகப்பனார் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்: “தங்கள் துண்டினால் வந்த தீங்கு என்று டாக்டர் கருதுகிறார், தாங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்?” பணம் இவ்வளவு என்று அதில் கேட்கவில்லை. குமாஸ்தா அக்கடிதத்தைக் கோப்பில் வைத்தார். அது அங்கேயே இருந்தது. 2022 நவம்பரில் வக்கீல் நோட்டீசு வந்தது. கேட்ட தொகை ஆறு இலட்சம் ரூபாய். நுகர்வோர் சட்டத்தில் வழக்குத் தொடுக்கக் காரணம் எழுந்ததிலிருந்து இரண்டாண்டு அவகாசம் உண்டு. ஆகவே நோட்டீசு காலம் கடந்து வந்ததன்று.

இப்பொழுது இரு கம்பெனிகளும் சொல்லப்போகும் பதிலைக் கவனியுங்கள். புதிய கம்பெனி: “கோரிக்கை எங்கள் ஆண்டில்தான் வந்தது, ஆனால் தீங்கு நேர்ந்தது 2021 ஜனவரி. எங்கள் வேலித் தேதி 1-4-2022. ஆகவே இயலாது.” பழைய கம்பெனி: “தீங்கு நேர்ந்தபோது எங்கள் பாலிசி இருந்தது மெய்தான், ஆனால் கோரிக்கை வந்தது 2022 நவம்பர். எங்கள் பாலிசி 31-3-2022 அன்றே முடிந்தது. ஆகவே இயலாது.” இரண்டு பதில்களும் பாலிசியின் வாசகப்படி சரியானவை. ஆறாண்டுகளாக ஒரு நாளும் இன்ஷூரன்ஸ் இல்லாமல் இராத சங்கம், இந்த ஒரு கோரிக்கைக்கு இன்ஷூரன்ஸே இல்லாமல் நிற்கிறது. மிச்சப்படுத்திய தொகை 9,000. கைவிட்டுக் கட்டவேண்டிய தொகை ஆறு இலட்சம் வரையில், வக்கீல் செலவு வேறு.

பாலிசி முடிந்த பின் 90 நாள் வரை வரும் கோரிக்கையை ஏற்கும் ஷரத்து ஒன்று நம் நாட்டுப் பாலிசிகளில் பொதுவாக உண்டு. அது இங்கே உதவுமா? உதவாது. 2022 ஜூன் 29-ஆம் தேதியோடு அந்த அவகாசம் முடிந்துவிட்டது. அதுவன்றி, அதே பொறுப்புக்கு வேறு இன்ஷூரன்ஸ் நடப்பில் இல்லாதிருந்தால்தான் அச்சலுகை கிடைக்கும். புதிய பாலிசி எடுத்த அன்றே அதுவும் போய்விட்டது.

காலந்தாழ்ந்து வரும் கோரிக்கை

சம்பவத்துக்கும் கோரிக்கைக்கும் இடையே இத்தனை மாதம் செல்லுமா என்று ஐயுறுவோர்க்குப் பம்பாய் நகரத்து வழக்கு ஒன்றைச் சொல்வது தகும். 1993 நவம்பரில் அங்கே ஒரு டாக்டர் ஒரு பெண்மணிக்குப் பித்தப்பை அறுவை செய்தார். அம்மையாருக்கு வயிற்று வலி தீரவில்லை. 2002-இல் பம்பாயில் மறுபடி அறுவை செய்தபோது, உள்ளே காயத்துணி இருந்தது தெரியவந்ததாகச் சொல்லப்பட்டது. 2004-இல் தேசிய நுகர்வோர் கமிஷனில் 50 இலட்சம் ரூபாய் கேட்டு வழக்குத் தொடுத்தார். வழக்குச் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. ஒன்பதாண்டு வலியோடிருந்தவர், அதிலும் தாமே நர்ஸ் வேலை பார்ப்பவர், முன்னரே விசாரித்திருக்கவேண்டும் என்று கூறி, காலங்கடந்ததென 2010-இல் சுப்ரீம் கோர்ட்டு வழக்கைத் தள்ளிற்று. டாக்டருக்குப் பொறுப்பில்லை என்றாயிற்று. ஆயினும் ஆறாண்டுக் காலம் வழக்காடும் செலவு ஒருவர் ஏற்கவேண்டியதுதானே!

இத்தகைய வழக்கில் கோரிக்கை முறைப் பாலிசி வைத்திருக்கும் ஒரு டாக்டரை எண்ணிப் பாருங்கள். 1993-இல் கட்டிய பிரீமியம் அவருக்கு உதவாது. 2004-இல் நடப்பிலுள்ள பாலிசிதான் உதவவேண்டும். அதிலும் அதன் வேலித் தேதி 1993 நவம்பருக்கு முற்பட்டிருந்தால்தான். பதினோராண்டுகளில் ஒரே ஒரு தடவை, சில நூறு ரூபாய் மலிவுக்காக அத்தேதியை நகரவிட்டிருந்தாலும் அவர் தனியே நிற்கவேண்டியதுதான்.

பிரெஞ்சு நாட்டில் நடந்தது

காரைக்கால் மக்களில் பலருக்குப் பிரான்சில் உறவினர் உண்டு. “அங்கே இப்படிக் கைவிடமாட்டார்களே” என்று அவர்கள் சொல்லக்கூடும். அது உண்மை, ஆனால் அதன் வரலாற்றை அறிந்துகொள்ளவேண்டும். நம் பகுதியிலும் முன்னாளில் நடந்த அதே பிரெஞ்சு சிவில் சட்டத்தைக் கொண்டு, பிரான்சின் உச்ச நீதிமன்றமாகிய கஸாஸ்யோன் கோர்ட்டு 1990 டிசம்பர் 19-ஆம் தேதி ஒரு தீர்ப்பு வழங்கிற்று. ஒரு காலத்துக்குப் பிரீமியம் வாங்கினால், அக்காலத்தில் விளைந்த தீங்குக்குக் காப்புத் தருவதே அதற்கு ஈடு. கோரிக்கையும் அக்காலத்துக்குள்ளேயே வரவேண்டும் என்னும் ஷரத்து அந்த ஈட்டைப் பறிக்கிறது. ஆகவே அது எழுதப்படாததற்குச் சமம் என்று கோர்ட்டு கூறிற்று. நம் குரும்பகரம் சங்கத்தின் மனக்குறையை அப்படியே சட்ட வாசகமாக்கினாற்போல் இருக்கிறது அத்தீர்ப்பு.

கம்பெனிகள் தடுமாறின. இறுதியில் 2003 ஆகஸ்டு முதல் தேதியச் சட்டம் ஒரு சமரசம் செய்தது. கோரிக்கை முறையை அனுமதித்தது. ஆனால் பாலிசி முடிந்த பின்னும் குறைந்தது ஐந்தாண்டு வரை வரும் கோரிக்கைகளை, பாலிசி முடியுமுன் நடந்த சம்பவத்தைப் பற்றியவையாயின், கம்பெனி ஏற்கவேண்டும் என்று விதித்தது. பாலிசி எடுப்பதற்கு முன் நடந்து, எடுப்பவர் அறியாதிருந்த சம்பவங்களும் காப்புக்குள் வரும். ஆகவே அங்கே வேலித் தேதிக்கு ஏறக்குறைய வேலையில்லை. நம் பாலிசிகள் இந்தியச் சட்டத்துக்கும் அவற்றின் வாசகத்துக்கும் உட்பட்டவை. அங்கே ஐந்தாண்டு, இங்கே 90 நாள். இந்த வேற்றுமையை மறந்து உறவினர் சொல்லை நம்பி இருந்துவிடக் கூடாது.

ஆலோசகர் சொன்ன வழி

மேஜையருகே உட்கார்ந்திருக்கும் நம் காரியதரிசியிடம் மீண்டும் வருவோம். அவர் நல்ல வேளையாக மார்ச்சு மாதத்திலேயே வந்துவிட்டார். ஆலோசகர் அவரிடம் முதலில் கேட்டது பணத்தைப் பற்றியல்ல. “சங்கத்துக்குச் சரக்கைப் பற்றிய குறை, கடிதம், டெலிபோன் செய்தி ஏதேனும் வந்ததுண்டா? கோப்புகளைப் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். தேடியபோது பிப்ரவரிக் கடிதம் அகப்பட்டது.

“இதனை மார்ச்சு 31-க்கு முன் பழைய கம்பெனிக்குத் தெரிவித்துவிடுங்கள்” என்றார் ஆலோசகர். கோரிக்கை இன்னும் வராவிட்டாலும், கோரிக்கைக்கு இடமளிக்கக்கூடிய குறிப்பிட்ட சம்பவம் ஒன்றைப் பாலிசி நடப்பிலிருக்கும்போதே அறிவித்து, கம்பெனி அதனை ஏற்றுக்கொண்டால், பின்னர் வரும் கோரிக்கை அந்தப் பழைய பாலிசியிலேயே வந்ததாகக் கொள்ளப்படும். இப்படி ஒரு ஷரத்து இவ்வகைப் பாலிசிகளில் உண்டு. ஆனால் “சாயத்தில் ஏதேனும் கோளாறு இருக்கலாம்” என்று பொதுவாக எழுதினால் கம்பெனி ஏற்காது. யாருக்கு, எங்கே, எப்போது, எந்த வகைத் துண்டினால், என்ன தீங்கு என்பவற்றையும், கடிதத்தின் நகலையும், அத்துண்டு நெய்து சாயமிட்ட பதிவேட்டுக் குறிப்பையும் இணைக்கவேண்டும். பெற்றுக்கொண்டதற்கு எழுத்து மூலமான ஒப்புகையும் வாங்கவேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டு குழந்தையின் தகப்பனாருக்குப் பதில் எழுதிவிடவும் கூடாது. கம்பெனியின் சம்மதமின்றி அவ்வாறு செய்வது காப்பைக் கெடுக்கும்.

இந்தக் கடிதத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. புதிய கம்பெனியின் விண்ணப்பத் தாளில், “கோரிக்கைக்கு இடமளிக்கக்கூடிய சம்பவம் ஏதேனும் அறிவீரா?” என்ற கேள்வி இருக்கும். கோப்பில் கடிதம் இருக்க, ‘இல்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டால், வேலித் தேதி எவ்வளவு பழையதாயிருந்தாலும் பயனில்லை; தெரிந்ததை மறைத்தார்கள் என்று கம்பெனி மறுத்துவிடலாம். தெரிந்த குறை பழைய பாலிசிக்குரியது. தெரியாத பழங்குறைகளுக்கே வேலித் தேதி காப்பு. இந்தப் பாகுபாட்டை மனத்திற்கொண்டால் புதுப்பிக்கும் நேரத்தில் செய்யவேண்டியது விளங்கிவிடும்.

அடுத்து, புதிய கம்பெனிக்கு ஆலோசகர் ஒரு கேள்வி அனுப்பச் செய்தார்: “வேலித் தேதியை 1-4-2017 என்றே வைத்துத் தருவதானால் விலை என்ன?” கம்பெனி முந்திய ஐந்து பாலிசிகளின் நகல்களையும், இடையீடின்றிப் புதுப்பித்ததற்குச் சான்றையும் கேட்டது. பிறகு 38,500 ரூபாய் என்று விலை சொல்லிற்று. இப்போதுதான் இரு விலைகளும் ஒப்பிடத் தக்கவை. உண்மையான வேற்றுமை 9,000 அல்ல, 1,500. அத்தொகைக்காக மாறுவதா இல்லையா என்பதை நிர்வாகக் குழு முடிவு செய்யட்டும். எப்படியாயினும் தேதி எழுத்தில் இருக்கவேண்டும். ஏஜெண்டு வாயால் சொன்ன “பழைய தேதியே தொடரும்” என்னும் உறுதி, பாலிசியின் அட்டவணைத் தாளில் அச்சாகாவிடில் செல்லாது. அத்தேதி எதை அளக்கிறது என்பதையும் கேட்கவேண்டும். சில பாலிசிகளில் அது தீங்கு நேர்ந்த நாளை அளக்கும். சிலவற்றில் தவறு செய்த நாளை அளக்கும். சிலவற்றில் சரக்கு விற்ற நாளை அளக்கும். காப்புத் தொகையைக் கூட்டும்போதும் எச்சரிக்கை வேண்டும். கூட்டிய பகுதிக்கு மட்டும் புதிய தேதி போடுவதுண்டு.

கடைசியாக, நம் சங்கங்களுக்கே உரிய ஓர் ஆபத்து. குழுக் கூட்டம் கூடிச் செலவுக்கு அனுமதி தந்த பிறகுதான் செக்கு எழுத முடியும். கூட்டம் ஏப்ரல் 5-ஆம் தேதிக்குத் தள்ளிப்போனால், செக்கும் தள்ளிப்போகும். 1938-ஆம் ஆண்டின் இன்ஷூரன்ஸ் சட்டம் 64-விபி பிரிவின்படி பிரீமியம் கைக்கு வராமல் கம்பெனி பொறுப்பேற்க இயலாது. நாலைந்து நாள் இடைவெளி விழுந்தால், அது புதுப்பிப்பாகாமல் புதிய பாலிசியாகிவிடும். வேலித் தேதி ஏப்ரல் 6 என்று எழுதப்படலாம். யாரும் விரும்பாமலே, யாரும் கவனிக்காமலே ஐந்தாண்டுக் காப்பு மறைந்துபோகும். ஆகவே புதுப்பிக்கும் தீர்மானத்தைப் பிப்ரவரிக் கூட்டத்திலேயே நிறைவேற்றி வைப்பது நலம்.

சம்பவ முறைப் பாலிசியிலிருந்து கோரிக்கை முறைக்கு மாறும் சங்கத்துக்கு இவ்வளவு கவலையில்லை. பழைய சம்பவங்களைப் பழைய பாலிசிகளே தாங்கும், வேலித் தேதி மாறிய நாளாக இருந்தால் போதும். ஆனால் அந்தப் பழைய பாலிசித் தாள்களைக் கிழித்தெறியாமல் பெட்டியில் வைக்கவேண்டும். கோரிக்கை முறையிலிருந்து வெளியேறும் சங்கத்துக்கும், வேறொரு சங்கத்தோடு இணையும் அல்லது கலையும் சங்கத்துக்குமே கவலை மிகுதி. அவை கடைசிப் பாலிசி முடியுமுன், பின்வரும் கோரிக்கைகளுக்கென நீண்ட அவகாசத்தைத் தனி விலை கொடுத்து வாங்க முடியுமா என்று கேட்கவேண்டும். முடிந்த பின் கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

நம் காரியதரிசி அன்று மாலையே கடிதத்தை இணைத்துப் பழைய கம்பெனிக்கு அறிவிப்பு அனுப்பினார். நவம்பரில் வக்கீல் நோட்டீசு வந்தபோது, அதனை ஒப்புகைச் சீட்டின் எண்ணோடு பழைய கம்பெனிக்கு அனுப்புவது ஒன்றே அவருக்கு எஞ்சியிருந்த வேலை. அங்கத்தினர்கள் தத்தம் சங்கத்தின் பாலிசியை எடுத்து, அட்டவணைத் தாளில் அந்த ஒரு வரியைப் பார்த்து, சென்ற ஆண்டுத் தாளோடு ஒத்திருக்கிறதா என்று இவ்வாரமே சரிபார்ப்பார்களாக.